கூட வேலை செய்தவருக்கு ரெஃபரன்ஸ் தர முடியாது என்று சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பனை ஆலையில் என்னோடு மூன்று வருஷம் வேலை செய்தவர், புது வேலைக்கு என் பெயரை ரெஃபரன்ஸாகப் போடலாமா என்று கேட்கிறார். அவர் வேலை எனக்குத் திருப்தியில்லை. முடியாது என்று சொன்னால் அவர் பிழைப்பைக் கெடுத்ததாகாதா?

ஆகாது. விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் இரண்டு பேருடைய பெயரைத்தான் கேட்பார்கள். நீங்கள் விலகினால் அவர் இன்னொரு பெயரைப் போட்டுக்கொள்வார், அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் செலவு. ஒப்புக்கொண்டுவிட்டு, மனிதவளப் பிரிவிலிருந்து ஆள் கூப்பிடும்போது வாய் தடுமாறினால்தான் அவருக்கு நிஜமான சேதம்.

கூப்பிடுகிறவர் நீங்கள் சொல்வதை மட்டும் கேட்பதில்லை, சொல்லாமல் விடுவதையும் குறித்துக்கொள்கிறார். "மறுபடியும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்பது அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு இரண்டு நொடி யோசித்துவிட்டு "ம்... எடுக்கலாம்" என்று சொன்னால், எதிர்ப்பக்கத்தில் அது "வேண்டாம்" என்றுதான் பதிவாகும். "நல்ல பையன், கோயில் வேலைக்கெல்லாம் முன்னால் நிற்பான்" என்று வேலையை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் புகழ்ந்தாலும் அப்படியே. அரைமனதாகச் சொல்லும் நல்ல வார்த்தை திட்டுவதைவிட மோசமாக வேலை செய்யும். ஏன் தனக்கு வேலை கிடைக்கவில்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியவும் தெரியாது.

எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும்? தீபாவளி முடியட்டும், நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கேட்ட அன்றே சொல்லுங்கள். மிஞ்சிப் போனால் மறுநாள் மாலைக்குள். ரெஃபரன்ஸ் அழைப்பு பெரும்பாலும் இண்டர்வியூ முடிந்த பிறகுதான் வரும். அந்தக் கட்டத்தில் நீங்கள் விலகினால், ஒரு பெயரை அவசரமாக மாற்ற வேண்டிவரும், ஏன் மாற்றுகிறார் என்ற கேள்வியும் கூடவே வரும். விண்ணப்பம் போகும் முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் சொல்கிற "முடியாது" அதே வார்த்தையாக இருந்தாலும், முதல் நாளில் அது ஒரு தகவல், பத்தாம் நாளில் அது கைவிரிப்பு.

உங்கள் முடிவு ஏற்கெனவே உறுதி என்றால் "எந்தக் கம்பெனி, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு" என்றெல்லாம் விசாரிக்காதீர்கள். விசாரிக்க விசாரிக்க அவருக்கு நம்பிக்கை ஏறும். வேலை என்னவென்று தெரிந்தால் உங்கள் பதில் மாறக்கூடும் என்றால் மட்டும் கேளுங்கள்.

"பார்ப்போம்" என்று சொல்லி வைத்தால் அவரே புரிந்துகொள்ள மாட்டாரா?

மாட்டார். நம் பேச்சில் "பார்ப்போம்ணே", "முயற்சி பண்றேன்", "சொல்றேன் சொல்றேன்" எல்லாம் பாதிச் சம்மதம். சொல்கிறவருக்கு அது மறுப்பு, கேட்கிறவருக்கு அது சரி. அவர் உங்கள் பெயரையும் நம்பரையும் படிவத்தில் எழுதி அனுப்பிவிடுவார். பிறகு "நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்று நீங்கள் கேட்டால், அவர் பார்வையில் பொய் சொல்கிறவர் நீங்கள்தான்.

வாக்கியத்தில் "முடியாது" அல்லது "வேண்டாம்" என்ற சொல் ஒரு முறையாவது இருக்க வேண்டும். "அண்ணே, இதுக்கு என் பேரைப் போட வேண்டாம்" என்பது போதும். மன்னிப்பும் ஒரே ஒரு தடவை. நாலு தடவை மன்னிப்புக் கேட்டால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மசிந்துவிடுவார் என்று தோன்றும்.

காரணம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? எவ்வளவு சொல்வது?

காரணம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் மூன்று வகைதான் வருகிறது.

அவர் வேலையை நீங்கள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்பது முதல் வகை. நீங்கள் செக்ரோல் பார்த்தீர்கள், அவர் வொர்க்‌ஷாப்பில் இருந்தார், பசியாறும் நேரத்தில் மட்டும் பழக்கம். இதை அப்படியே முழுசாகச் சொல்லிவிடலாம். யார் மனமும் நோகாது.

இரண்டாவது வகையில் அவர் வேலை உங்களுக்குத் தெரியும், அதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. ஆனால் அந்தக் குறை இந்தப் புது வேலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். குறையை ஒரு வாக்கியத்தில், நடந்த வேலையை வைத்துச் சொல்லலாம். "நீங்க பொறுப்பில்லாதவர்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. "வெறும் லோரியோட டேர் எடையைத் திரும்ப எடுக்காம விட்டீங்களே, அதைப் பத்தி நாம அப்போவே பேசினோம்" என்பது இரண்டு பேரும் அறிந்த விஷயம். முக்கியமாக, அவர் இப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படும் புகாராக அது இருக்கக் கூடாது. கூட வேலை செய்த காலத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத குறையை இன்று எடுத்தால், அது ஒளித்து வைத்திருந்த கணக்கு மாதிரி விழும்.

மூன்றாவது வகை பணம், திருட்டு, லஞ்சம் என்று போகிற விஷயம். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

இரண்டாவது வகைக்கு ஒரு உதாரணம் முழுசாகச் சொல்ல முடியுமா?

ஓர் எடைப்பாலக் கிராணி என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஷிப்டுக்குச் சுணங்காதவர், லோரி டிரைவர்களிடம் சத்தம் போடாதவர், மூன்று வருஷத்தில் லேட்டாக வந்ததே இல்லை. குறை ஒன்றுதான். செம்பனைக் குலையை இறக்கிவிட்டு வெறும் லோரி திரும்பும்போது அதை மறுபடி எடைப்பாலத்தில் ஏற்றி நிறுக்காமல், பழைய டேர் எடையையே கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார்.

அதில் என்ன கெட்டுப்போகிறது என்றால்: லோரி ஏற்றிய எடை 13,460 கிலோ. பழைய டேர் 5,180 கிலோ. கழித்தால் பழம் 8,280 கிலோ. ஆனால் மழை நாளில் சக்கரத்திலும் தொட்டியிலும் சேறு அப்பியிருக்கிறது, உண்மையில் அன்று வெறும் லோரி 5,340 கிலோ. அப்போது பழம் 8,120 கிலோதான். வித்தியாசம் 160 கிலோ. ஆலை சேற்றுக்குப் பழத்தின் விலை கொடுக்கிறது. ஒரு நாளைக்கு இப்படி 20 லோரி வந்தால் 3,200 கிலோ. யாரும் திருடவில்லை, ஆனால் மாதக் கடைசியில் எண்ணெய்க் கணக்கு பழக் கணக்கோடு ஒட்டாது.

இப்போது அவர் வேறோர் ஆலையில் அதே எடைப்பால வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அங்கிருந்து கூப்பிடுகிறவர் முதலில் கேட்கப்போவது "பதிவெல்லாம் சரியாகச் செய்வாரா?" என்பதுதான். அதற்கு உங்களிடம் நேர்மையான "ஆமாம்" கிடையாது. அதனால் இந்த வேலைக்கு நீங்கள் சரியான ஆள் இல்லை. ஸ்டோர் கிராணி வேலைக்கோ, காவல் வேலைக்கோ அவர் கேட்டிருந்தால் யோசிக்கலாம். அங்கே நேரம் தவறாமை பெரிய விஷயம், அதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

அவருக்குச் சொல்லும் வார்த்தைகள் இப்படி இருக்கலாம்:

"அண்ணே, என்னை நினைச்சுக் கேட்டதுக்கு நன்றி. ஆனா இந்த எடைப்பால வேலைக்கு என் பேரைப் போட வேண்டாம். டேர் எடை விஷயத்துல நமக்குள்ள நடந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டாங்கன்னா என்னால மழுப்ப முடியாது, உங்களுக்குத்தான் இடைஞ்சல். லேட்டா வராம, ராத்திரி ஷிப்டுக்கு முகம் சுளிக்காம வேலை செஞ்சதை நான் எப்பவும் சொல்வேன். ஸ்டோர் மாதிரி வேற வேலைக்குப் போட்டீங்கன்னா என்னைக் கேளுங்க, சரின்னு சொல்வேன்."

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். ஆறுதலுக்காகச் சேர்த்தால், அடுத்த மாதமே அவர் ஸ்டோர் வேலைப் படிவத்தோடு வந்து நிற்பார்.

"கம்பெனியில் ரெஃபரன்ஸ் கொடுக்க அனுமதி இல்லை" என்று சொல்லித் தப்பித்தால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லையே.

அது உண்மையாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சில கம்பெனிகளில் ரெஃபரன்ஸை அலுவலகம் மட்டுமே தரும், அதுவும் வேலை செய்த தேதியையும் பதவியையும் மட்டும். அப்படியோர் விதி உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று கிராணியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு சொல்வது நல்லது.

இல்லாத விதியைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் ஒரு ஆலையின் கண்டக்டருக்கு அடுத்த தோட்டத்துக் கிராணி மச்சான் முறை. போன வருஷம் நீங்கள் இன்னொருவருக்கு ரெஃபரன்ஸ் கொடுத்தது ஒட்டுக்கடையில் பேசப்படும். அன்றைக்கு மறுப்பு மட்டுமல்ல, பொய்யும் சேர்ந்து வெளியே வரும். "வேலை அதிகம், நேரமில்லை" என்பதிலும் இதே சிக்கல், போதாததற்கு "அஞ்சு நிமிஷம்தானே, நான் காத்திருக்கேன்" என்று அவர் அதைச் சுலபமாகத் தீர்த்துவைத்துவிடுவார். பொய்க் காரணத்துக்குத் தீர்வு உண்டு. உண்மைக் காரணத்துக்குத் தீர்வு கிடையாது, அதனால்தான் பேச்சு அங்கே முடிகிறது.

போன் செய்வதா, வாட்ஸ்அப்பில் அனுப்புவதா?

வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லலாம். உங்களைவிட மூத்தவர், அல்லது நெருங்கிப் பழகியவர் என்றால் முதலில் போன். பேசி முடித்ததும் "பேசின மாதிரி, இதுக்கு என் பேர் வேண்டாம்ணே. இண்டர்வியூ நல்லா அமையட்டும்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். போனில் மென்மையாகச் சொன்னது சில நேரம் சம்மதமாகக் காதில் விழுந்திருக்கும், அந்த ஒரு வரி அதைத் தெளிவாக்கும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அது நாலு பேருக்குப் போட்டுக் காட்டப்படும்.

நேரில் சொல்வதானால் அவர் தனியாக இருக்கும்போது. கோயில் திருவிழாவிலும், கல்யாணப் பந்தியிலும், கோப்பிக்கடை மேசையில் மற்றவர் முன்னாலும் வேண்டாம். அவர் மனைவியிடமோ தம்பியிடமோ சொல்லி அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம்.

அவர் லோரிக்காரர்களிடம் பணம் வாங்கினார் என்று பேச்சு இருந்தது. அதனால்தான் மறுக்கிறேன். இதை எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். அவரிடமும் வேண்டாம், மற்றவரிடமும் வேண்டாம். "இதுக்கு என்னால ரெஃபரன்ஸா இருக்க முடியாதுண்ணே, காரணம் கேக்காதீங்க" என்பதோடு நிறுத்துங்கள். இரண்டாம் முறை கேட்டாலும் அதே வாக்கியம்தான். "உங்களுக்கே தெரியும்" என்று இழுப்பது மௌனம் ஆகாது, அது குற்றச்சாட்டு.

காரணம் மனிதாபிமானம் மட்டுமல்ல. மலேசியாவில் அவதூறுச் சட்டம் 1957 இருக்கிறது. ரெஃபரன்ஸ் கேட்கும் முதலாளிக்கு, அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை வன்மம் இல்லாமல், உண்மையென்று நம்பிச் சொல்கிறவருக்குப் பொதுவாகச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஊர்ப்பேச்சைத் தூக்கிக் கொடுப்பதற்கும், வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. கவனமில்லாமல் கொடுத்த ரெஃபரன்ஸால் ஒருவர் வேலை வாய்ப்பை இழந்தால் கொடுத்தவர் பொறுப்பாக நேரிடலாம் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1994-இல், ஒரு காப்புறுதி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் கண்ணால் பார்க்காத, விசாரணை நடக்காத ஒன்றுக்காக அந்த வழியில் போக வேண்டியதில்லை. ஒதுங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்கு ஆதாரம் காட்டத் தேவையும் இல்லை.

கேட்காமலே என் பெயரைப் போட்டுவிட்டார். அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே பதில் சொல்லத் தேவையில்லை. "இப்போ வேலையில இருக்கேன், பிறகு கூப்பிடுறேன்" என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அவரைக் கூப்பிட்டு, உங்களால் ரெஃபரன்ஸாக இருக்க முடியாது என்று சொல்லி, பெயரை மாற்றும்படி கேளுங்கள். பெயரை மாற்றுவது பெரிய வேலையில்லை. "முன்பு கொடுத்த ரெஃபரன்ஸுக்குப் பதில் இவரைத் தொடர்பு கொள்ளவும்" என்று மனிதவளப் பிரிவுக்கு அவர் ஒரு வரி ஈமெயில் அனுப்பினால் முடிந்தது. மாற்றம் அவரிடமிருந்து போனால் அது வெறும் திருத்தம். உங்களிடமிருந்து போனால் அது ஒரு செய்தி.

அதற்குள் கம்பெனியிலிருந்து திரும்பவும் கூப்பிட்டால், இப்படி: "அவரோட ஒரே ஆலையில வேலை செஞ்சேன். ரெஃபரன்ஸ் நான் தரல. வேலை செஞ்ச தேதி, பதவி எல்லாம் ஆலை அலுவலகத்துல கேட்டுக்கோங்க." என் சம்மதம் இல்லாமல் பெயரைப் போட்டார் என்று புகார் சொல்ல வேண்டாம். அது அவருக்குக் கூடுதல் அடி, உங்களுக்கு எந்தப் பலனும் இல்லை. "மறுபடி எடுப்பீங்களா?" என்று அழுத்தினால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். பெருமூச்சு, சிரிப்பு, "அதை விடுங்க" எல்லாம் பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

அந்தக் கம்பெனி மானேஜர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்து, கோப்பிக்கடையில் உட்கார்ந்து "சும்மா சொல்லுங்க, வெளியே போகாது" என்றாலும் இதே பதில்தான். தோட்டப் பட்டணத்தில் வெளியே போகாத பேச்சு என்று ஒன்று இல்லை.

மறுத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. வேறு என்ன கொடுக்கலாம்?

வேலை செய்ததற்கான அத்தாட்சியை அவர் உங்கள் வாய்மொழி இல்லாமலே காட்ட முடியும். KWSP i-Akaun-இல் எடுக்கும் ஊழியர் சேமநிதி அறிக்கையில், முதலாளி எந்த மாதங்களுக்குச் சந்தா கட்டினார் என்பது வரும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக் கடைசிக்குள் முதலாளி கொடுக்க வேண்டிய EA படிவத்தில் ஆண்டு வருமானம் இருக்கும். வேலை நியமனக் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டும் சேர்ந்தால் பதவியும் தெரிந்துவிடும். இவற்றை எங்கே எடுப்பது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தால் கூட உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பது நல்ல உதவி.

வேறொருவர் பெயரைச் சொல்வதானால், அந்த வேறொருவரை முதலில் கேளுங்கள். ராத்திரி ஷிப்டில் அவரை மேற்பார்த்த மண்டோர் ஒருவர் மனப்பூர்வமாகச் சொல்வார் என்றால் அவர்தான் பொருத்தம். கேட்காமல் கைகாட்டினால் உங்கள் சங்கடத்தை இன்னொருவர் தலையில் ஏற்றியதுதான் மிச்சம்.

போன வாரமே சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது பின்வாங்கலாமா?

அழைப்பு வரும் முன்பு என்றால் பின்வாங்கலாம். "யோசிச்சுப் பார்த்தேன், அவசரப்பட்டுச் சரின்னு சொல்லிட்டேன், தப்பு என்னுதுதான். என் பேரை எடுத்துட்டு வேற பேர் போடுங்க" என்று சொல்லுங்கள், பெயரை மாற்ற அவருக்கு இரண்டு மூன்று வேலை நாளாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இண்டர்வியூவுக்கு முதல் நாள்தான் மனம் மாறியது என்றால் நிலைமை வேறு. அப்போது விலகாமல், நீங்கள் உண்மையாகச் சொல்லக்கூடிய பகுதியை மட்டும் சொல்ல முடியுமா என்று பாருங்கள்: வருகை, ஷிப்டு, நடத்தை. மற்றதைக் கேட்டால் "அந்த வேலையைப் பத்தி நான் சொல்றது சரியா இருக்காது, மேற்பார்வை செஞ்சவரைக் கேளுங்க" என்று விடலாம். அப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய மாமா கோயில் தலைவர். அவர் வந்து "ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா?" என்கிறார்.

மரியாதை குறையாமல், காரணத்தை மட்டும் வெளியே விடாமல்: "ஐயா, அவர்கிட்டயே பேசிட்டேன். வேற உதவின்னா கண்டிப்பா செய்யறேன்." மாமாவுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றால் மருமகன் சொல்லட்டும். டேர் எடைக் கதையை நீங்கள் பெரியவரிடம் விளக்க ஆரம்பித்தால், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், ஒருவருடைய வேலைக் குறையை அவர் குடும்பத்துக்குள் கொண்டுபோய் வைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

சொன்னதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திரும்ப விளக்கவா?

வேண்டாம். இரண்டாவது விளக்கம் அநேகமாக முதலாவதைவிட நீளமாகவும் கடுமையாகவும் வந்துவிடும். பார்க்கிற இடத்தில் வழக்கம்போல் "என்னண்ணே, பசியாறியாச்சா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த தடவையும் கேளுங்கள். இண்டர்வியூ என்ன ஆச்சு என்று மட்டும் நீங்களாக விசாரிக்காதீர்கள், அவரே சொல்லட்டும்.